முகம் தெரிகிறது, குரல் எங்கே போனது?

*ஐயா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் நான்கு நாள் ஜூமில் தமிழ் சொல்லித் தருகிறேன். பத்து மாதத்துக்கு முன் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப். மூன்று வாரத்துக்கு முன் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். அன்று எதிலுமே சத்தம் இல்லை. தம்பி மகன் வந்து ஏதோ மாற்றினான், யூடியூப் பாட ஆரம்பித்தது. ஜூமில் மட்டும் இன்றுவரை எல்லார் முகமும் தெரிகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நான் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்கிறதாம். ஜூமை இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். போனில் திறந்தால் அதிலும் சத்தமில்லை, அதனால் என் ஜூம் கணக்கிலேயே கோளாறோ என்று தோன்றுகிறது. கணவர் நெட் மோசம் என்கிறார். கடைக்காரர் சவுண்ட் ஐசி போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு உதவி எண்ணில் பேசியவர், ஏதோ ஆப் போடச் சொன்னார். நான் எதைச் செய்வது?*

*— பெயர் வேண்டாம் என்ற வாசகி*

அம்மா, லேப்டாப்பைக் கடையில் கொடுக்காதீர்கள். அந்த ஆப்பையும் போடாதீர்கள். நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

யூடியூப் பாடுகிறது என்கிறீர்கள். யூடியூபுக்கு ஒரு சவுண்ட் ஐசி, ஜூமுக்கு இன்னொன்று என்று லேப்டாப்பில் கிடையாது. இரண்டின் சத்தமும் ஒரே சிப் வழியாகத்தான் அந்த ஸ்பீக்கருக்குப் போகிறது. அது பழுதாகியிருந்தால் பாட்டும் நின்றிருக்கும். கடைக்காரர் பாட்டுப் போட்டுப் பார்த்தாரா, ஜூமைத் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதைக் கேட்டு அங்கேயே ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

நெட்டும் காரணமில்லை. ஒருவர் பேசும் குரலுக்கு ஜூம் எடுத்துக்கொள்வது நொடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவு. படத்துக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். நெட் திணறினால் முதலில் முகங்கள் கட்டம்கட்டமாகச் சிதையும், உறையும், குரல் விட்டுவிட்டு வரும். முகம் தெளிவாக இருந்து குரல் மட்டும் ஒரு சொட்டுக்கூட வராமல் இருப்பது நெட்டின் குணம் இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் உங்கள் கடிதமே தீர்த்துவிட்டது. ஜூமில் சிலர் மீட்டிங்குக்குள் வந்துவிட்டு ஆடியோவில் மட்டும் சேராமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது இடது கீழ் மூலையில் மைக் படத்துக்குப் பதில் ஹெட்போன் படமும் `Join Audio` என்ற எழுத்தும் இருக்கும். மற்ற வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆனால் உங்கள் குரல் பிள்ளைகளுக்குக் கேட்கிறது, எனவே நீங்கள் ஆடியோவில் சேர்ந்துதான் இருக்கிறீர்கள்.

ஆக, பிள்ளைகளின் குரல் உங்கள் லேப்டாப் வரைக்கும் வந்துவிடுகிறது. உள்ளே வந்தபின் வேறு வாசல் வழியாக வெளியே போய்விடுகிறது. அந்த வாசல் எதுவாக இருக்கும் என்பதும் எனக்கு ஏறக்குறையத் தெரியும்: நீங்கள் வாங்கிய மானிட்டர்.

மானிட்டரின் பின்னால் ஒரு துளை

எச்டிஎம்ஐ கேபிள் படத்தை மட்டும் கொண்டுபோவதில்லை, சத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர்களில்கூட பின்பக்கம் இயர்போன் சொருகும் துளை இருப்பதுண்டு. அந்தத் துளை இருப்பதால், "எனக்குச் சத்தமும் அனுப்பலாம்" என்று மானிட்டர் லேப்டாப்பிடம் சொல்லிவிடும். விண்டோஸும் அதை நம்பி, மானிட்டரின் பெயரில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பல நேரம் அதையே முதன்மையான ஸ்பீக்கராகவும் ஆக்கிவிடும். முதல் நாள் எதிலுமே சத்தமில்லாமல் போனது இதனால்தான்.

உங்கள் தம்பி மகன் டாஸ்க்பாரில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, மானிட்டரை விட்டு லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்திருப்பார். சரியான வேலைதான். ஆனால் அது விண்டோஸின் பொதுவான தேர்வு. யூடியூப் அந்தத் தேர்வைப் பின்பற்றியது, பாடியது. ஜூம் போன்ற அழைப்பு ஆப்களுக்கோ தங்களுக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர் தேர்வு உண்டு. அதில் மானிட்டரின் பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், பொதுத் தேர்வை யார் மாற்றினாலும் ஜூம் அசையாது. முதல் நாள் பதற்றத்தில் அங்கே இங்கே அழுத்தியபோது அது ஏறியிருக்கலாம்.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு சோதனை. மானிட்டரின் பின்னால் அந்தத் துளை இருந்தால், வகுப்பு நடக்கும்போது சாதாரண வயர் இயர்போன் ஒன்றை அதில் சொருகிப் பாருங்கள். மூன்று வாரமாகக் கேட்காத குரல்கள் அங்கே பேசிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மானிட்டரின் சொந்த மெனுவில் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போகும் திசையைக் கண்ணால் பார்ப்பது

இதற்குப் பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம். பிரவுசரில் `zoom.us/test` என்று அடித்தால் ஜூம் ஒரு சோதனை மீட்டிங்கைத் திறந்து, ஒரு மணி ஓசையை ஒலிக்கவிட்டு "கேட்கிறதா?" என்று கேட்கும். அது ஓடிக்கொண்டிருக்கட்டும். இப்போது விண்டோஸ் கீயையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் இதை அடித்து என்டர் தட்டுங்கள்:

```
mmsys.cpl
```

பழைய காலத்து சவுண்ட் ஜன்னல் ஒன்று திறக்கும். புதிய அமைப்புகள் பக்கம் பார்க்க அழகாக இருந்தாலும், எனக்கு இன்றும் இந்தப் பழையதுதான் கைவாகு. முதல் பக்கமான `Playback`-இல் லேப்டாப் ஸ்பீக்கர், மானிட்டர், இணைத்திருந்தால் ப்ளூடூத் இயர்பட்ஸ் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் செங்குத்தாக ஒரு மீட்டர் இருக்கும். எந்தச் சாதனத்துக்குச் சத்தம் போகிறதோ அதன் மீட்டரில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும்.

மணி ஓசை ஒலிக்கும் நேரத்தில் மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை துள்ளினால், சந்தேகமே இல்லை, வழி மாறிப் போவது அங்கேதான். லேப்டாப் ஸ்பீக்கரின் மீட்டர் துள்ளியும் காதுக்கு எதுவும் வரவில்லை என்றால், பொது வால்யூம் மியூட்டில் இருக்கிறதா, லேப்டாப்பின் இயர்போன் துளையில் ஏதாவது சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யூடியூப் கேட்கும் உங்களுக்கு இது பொருந்தாது. எந்த மீட்டருமே அசையவில்லை என்றால் ஜூமின் வாய் வேறு எங்கோ கட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இதே ஜன்னலில் இன்னொன்றும் கண்ணில் படும். ஒரு சாதனத்தில் பச்சை டிக் இருக்கும், வேறொன்றில் பச்சை நிறத்தில் சின்ன டெலிபோன் இருக்கலாம். டிக் என்பது பாட்டு, படம் போன்றவற்றுக்கான ஸ்பீக்கர். டெலிபோன் என்பது அழைப்புகளுக்கான ஸ்பீக்கர். விண்டோஸ் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, சில அழைப்பு ஆப்கள் டெலிபோன் இருக்கும் பக்கம்தான் போகும். டெலிபோன் படம் மானிட்டரில் உட்கார்ந்திருந்தால், லேப்டாப் ஸ்பீக்கரின் பெயர்மேல் வலது கிளிக் செய்து `Set as Default Communication Device` என்பதை அழுத்துங்கள். அது இடம் மாறிவிடும்.

திருத்தும் இடங்கள் இரண்டு

முதலாவது ஜூமுக்குள்ளேயே. மீட்டிங்கில் இருக்கும்போது மைக் படத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய ஒரு சிறு அம்பு இருக்கிறதே, அதை அழுத்துங்கள். மைக் பட்டியலும் ஸ்பீக்கர் பட்டியலும் சேர்ந்து வரும். `Select a Speaker` என்பதன் கீழே டிக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரின் பெயரில் இருந்தால் லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். அதன் பெயர் பெரும்பாலும் `Speakers` என்று தொடங்கும், கூடவே சவுண்ட் சிப்பின் பெயர் இருக்கும். மானிட்டரின் பெயரோ அதன் கம்பெனி அல்லது மாடல் எண்ணாக இருக்கும். மாற்றிய அந்த நொடியே குரல் வந்துவிடும், ஜூமை மூடித் திறக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் `Same as System` என்றும் ஒன்று உண்டு. விண்டோஸ் எதைச் சொல்கிறதோ அதையே ஜூமும் கேட்கும் என்று அர்த்தம். ஒரே மேசையில் ஒரே ஸ்பீக்கரோடு வகுப்பு எடுக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினால் விண்டோஸ் மறுபடி மனம் மாறலாம், ஜூமும் கூடவே போய்விடும். பெயர் சொல்லி லேப்டாப் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுப்பது மேல்.

இரண்டாவது இடம்தான் பலருக்குத் தெரியாதது. ஜூமை இரண்டு முறை அழித்துப் போட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆப்பை அழித்தால் அதன் கோளாறும் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு ஆப்புக்கும் எவ்வளவு வால்யூம், எந்த ஸ்பீக்கர் என்று விண்டோஸ் தன் பக்கத்தில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு ஆப்போடு சேர்ந்து அழியாது. நீங்கள் ஜூமைத் திரும்பப் போட்டதும், பழைய குறிப்பை எடுத்து அப்படியே மாட்டிவிடும்.

அதைப் பார்க்க, சோதனை மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின்மேல் வலது கிளிக் செய்து `Open volume mixer` என்பதைத் திறங்கள். மீட்டிங் ஓடிக்கொண்டிருப்பது முக்கியம். சத்தத்தோடு தொடர்பில்லாமல் சும்மா இருக்கும் ஆப் இந்தப் பட்டியலில் தலைகாட்டாது, "ஜூமையே காணோமே" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஜூமின் வரியில் வால்யூம் பூஜ்ஜியமாகவோ மியூட்டிலோ இருந்தால் உயர்த்துங்கள். வரியின் ஓரத்து அம்பை அழுத்தினால் உள்ளே `Output device` என்று ஒரு தேர்வு விரியும். அது `Default` என்று இருக்க வேண்டும். மானிட்டர் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள். எந்த மீட்டரும் அசையாத கேஸ் பெரும்பாலும் இங்கே மியூட் ஆகி மாட்டிக்கொண்டதுதான், ஏனென்றால் ஆப் அளவிலேயே அடைத்த சத்தம் ஸ்பீக்கரின் மீட்டர்வரை வருவதே இல்லை.

யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியவில்லை என்றால், அந்தப் பக்கத்தின் கீழே `Reset` என்ற பொத்தான் இருக்கிறது. எல்லா ஆப்களின் வால்யூம், ஸ்பீக்கர் தேர்வுகளையும் அது பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். உங்கள் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் சரியானபின், மானிட்டர் மறுபடி தலையிடாமல் இருக்க, `mmsys.cpl` ஜன்னலுக்குத் திரும்பி மானிட்டரின் பெயர்மேல் வலது கிளிக் செய்து `Disable` கொடுத்துவிடுங்கள். படம் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, திரை எப்போதும்போல் இருக்கும். சத்தம் மட்டும் அந்தப் பக்கம் போக முடியாது. பின்னாளில் மானிட்டரில் இயர்போன் மாட்ட ஆசைப்பட்டால், அதே ஜன்னலில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து `Show Disabled Devices` கொடுத்தால் அது திரும்பத் தெரியும், `Enable` செய்துகொள்ளலாம்.

தேர்வெல்லாம் சரி, ஆனாலும் சத்தமில்லை என்றால்

லேப்டாப் மூடியைச் சாத்தித் திறந்தபின், அல்லது மீட்டிங் நடுவில் கேபிளைக் கழற்றியபின் சத்தத்தின் பாதை அப்படியே சிக்கிக்கொள்வது உண்டு. இதற்கு அடையாளம்: பட்டியலில் எல்லாம் சரியாகவே இருக்கும், யூடியூபும் சேர்ந்து மௌனமாகிவிடும். `mmsys.cpl` ஜன்னலில் ஸ்பீக்கரின்மேல் வலது கிளிக் செய்து `Test` கொடுத்தால் ஒன்றும் கேட்காது, அல்லது `Failed to play test tone` என்று வரும். இப்போது தேர்வுகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். சத்தத்தைப் பங்கிடும் விண்டோஸ் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் `cmd` என்று தேடி, வலது கிளிக்கில் `Run as administrator` கொடுத்துத் திறந்து, இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடியுங்கள்:

```
net stop audiosrv
net start audiosrv
```

பிறகு ஜூமை முழுதாக மூடித் திறந்து மீட்டிங்கில் சேருங்கள். கறுப்பு ஜன்னலைக் கண்டால் பயம் என்றால் லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்யலாம். ஆனால் `Shut down` கொடுத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்வது வேறு, `Restart` வேறு. பல லேப்டாப்களில் வேகமாக ஆன் ஆவதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள் நிலையை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். சிக்கலும் அதோடு சேர்ந்து திரும்பி வரலாம். `Restart` கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "பத்து தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் சார்" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

போனிலும் கேட்கவில்லையே?

இதுதான் உங்களைக் குழப்பிவிட்டது. இரண்டு கருவியிலும் சத்தமில்லை, இரண்டிலும் ஒரே கணக்கு, எனவே கணக்கில் கோளாறு என்று முடிவு செய்தீர்கள். தர்க்கப்படி சரியான யோசனைதான். ஆனால் யாருக்கு எந்த ஸ்பீக்கர் என்று ஜூம் கணக்கு முடிவு செய்வதில்லை, அது கருவியின் வேலை. போனில் நடந்தது வேறு ஒன்றாக இருக்க வேண்டும்.

வீட்டில் ப்ளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறதா, அது எப்போதாவது உங்கள் போனோடு இணைந்ததா? இருந்தால் அது இப்போது எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பெட்டிக்குள் சரியாக உட்காராமல் மேசை டிராயரில் கிடந்தால், பக்கத்து அறையிலிருந்தாலும் போன் அதோடு தானாக இணைந்து, அழைப்புச் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். டிராயருக்குள் உங்கள் மாணவர்கள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். போனில் ப்ளூடூத்தை நிறுத்திவிட்டு மீட்டிங்கில் சேர்ந்து பாருங்கள். இயர்பட்ஸே வீட்டில் இல்லை என்றால், ஜூம் திரையின் மேல் இடது பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொடுங்கள். சத்தம் காதருகே வைத்துக் கேட்கும் சிறிய ஸ்பீக்கருக்குப் போயிருந்தால் அது பெரியதற்கு மாறும்.

வால்யூம் பட்டனை அழுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் பாட்டுக்கு ஒரு வால்யூம், அழைப்புக்கு வேறு வால்யூம். மீட்டிங்குக்கு முன்பே பட்டனை அழுத்தி உயர்த்தியிருந்தால் பாட்டின் வால்யூம்தான் ஏறியிருக்கும். மீட்டிங்கில் சேர்ந்து, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்துங்கள். போனில் `Join Audio` தெரிந்தால் அதைத் தொட்டு `WiFi or Cellular Data` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதைச் செய்யாவிட்டால் போனில் முகம் மட்டும்தான் வரும்.

கடையும் உதவி எண்ணும்

லேப்டாப் வாங்கிப் பத்து மாதம்தான் ஆகிறது. பெரும்பாலான லேப்டாப்களுக்கு ஒரு வருட உத்தரவாதம் உண்டு, பில்லை எடுத்துத் தேதி பாருங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தபின்னும் யூடியூப் உட்பட எதிலும் சத்தம் வராத நிலை வந்தால், அப்போது அது நிஜமாகவே கருவிக் கோளாறாக இருக்கலாம். அப்போதும் உத்தரவாதம் முடியும்முன் கம்பெனியின் அங்கீகரித்த சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் முடியலாம். வெளிக்கடையில் திறந்துவிட்டால், பிறகு "வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று சேவை மையம் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும்.

அந்தக் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். மறுபடி கேட்டால், பழுதான பாகம் எது என்று மதிப்பீட்டில் எழுதிக் கொடுங்கள், மாற்றினால் பழையதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். பணம் கொடுத்தபின் ஏமாற்றம் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை.

உதவி எண்ணில் பேசியவர் போடச் சொன்ன ஆப், உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் வழி செய்யும் வகையாகத்தான் இருக்கும். நியாயமான பணியாளர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தேடலில் தட்டுப்பட்ட எண்ணில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. போனில் போடச் சொன்னால் இன்னும் மோசம், அதே போனில்தான் உங்கள் வங்கி ஓடிபியும் வருகிறது. ஸ்பீக்கர் பெயரை மாற்ற யாருக்கும் உங்கள் திரையைத் திறந்துவிட வேண்டியதில்லை. ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால் உடனே நீக்குங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் `zoom.us/test`-ஐத் திறந்து, மைக் பக்கத்து அம்பிலிருந்து தொடங்குங்கள். தம்பி மகன் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அவர் பாதி வேலையை அன்றே முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.